புக்கிட் தீமாவின் சிவப்பு மண் எந்தப் பெருவகை? மண் அடுக்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே வருகின்றன: சிங்கப்பூரின் நடுப்பகுதியில், கருங்கல் பாறைமேல் இருக்கும் சிவப்பு மண். அதையே பிடித்துக்கொண்டு விடை சொல்கிறேன். ஒரு மண்ணை முழுதாகப் புரிந்துகொண்டால் மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

அண்ணா, மண் அடுக்கு என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படிந்த படிவங்கள்தானே?

இல்லை. ஆரம்பத்திலேயே திருத்திக்கொள்ள வேண்டிய எண்ணம் இது. ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும் படிவங்கள். மண் அடுக்கு என்பது இருந்த இடத்திலேயே, ஒரே மூலப்பொருளுக்குள் மெல்ல மெல்ல ஏற்பட்ட வேறுபாடு.

புக்கிட் தீமாவில் அந்த மூலப்பொருள் கிரானைட் என்னும் கருங்கல். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சராசரி வெப்பம் ஏறத்தாழ 28 டிகிரி. இந்த ஈரமும் சூடும் பாறையை விடாமல் சிதைக்கின்றன. பாறையிலிருந்த ஃபெல்ஸ்பார் கனிமம் களிமண்ணாக மாறுகிறது. குவார்ட்ஸ் அசையாது, அது பருமணலாகவே தங்கிவிடுகிறது. மழைநீர் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற சத்துகளைக் கரைத்து அடியோடு கொண்டுபோகிறது. இரும்பு போகாமல் துருவாகத் தங்கி மண்ணுக்கு நிறம் தருகிறது. மேலே இருந்த மிக நுண்ணிய களிமண் துகள்களில் ஒரு பங்கு நீரோடு இறங்கிக் கீழே நின்றுவிடுகிறது. யாரும் எதையும் கொட்டாமலே மேல், நடு, அடி என்று மண் பிரிவது இப்படித்தான்.

ஓ, ஏ, ஈ, பி, சி, ஆர் என்று எழுத்துகள் சொல்கிறார்களே, இங்கே ஆறும் இருக்குமா?

இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓ என்பது இலைதழைகளின் அடுக்கு. குளிர்நாட்டுக் காடுகளில் அது மெத்தைபோல் இருக்கும்; இங்கே இலை விழுந்த சில மாதங்களில் கரையானும் பூஞ்சையும் தின்றுவிடுவதால் இரண்டு விரல் தடிமன்கூடப் பல இடங்களில் இராது. ஏ என்பது மக்கு கலந்து கருத்த மேல்மண். ஈ என்பது களிமண்ணும் இரும்பும் வெளியேறி வெளுத்துப்போன அடுக்கு. நம் சிவப்பு மண்ணில் அதைத் தனியே காண்பது அரிது. பி என்பது மேலிருந்து வந்தவை நிற்கும் இடம், அல்லது பாறையின் சாயல் முற்றிலும் மறைந்து புது அமைப்பு உண்டான இடம். சி என்பது சிதைந்தும் பாறையின் வடிவம் மாறாத பகுதி. கிரானைட்டில் இதை அடையாளம் காண்பது இனிமையான அனுபவம்: பார்க்கக் கருங்கல்லின் புள்ளிகள் அப்படியே தெரியும், விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். ஆர் என்பது கெட்டிப் பாறை. புக்கிட் தீமா சரிவுகளில் அதைத் தொடப் பல மீட்டர் இறங்க வேண்டியிருக்கலாம்.

பெரிய எழுத்தோடு சிறிய எழுத்து ஒன்றும் ஒட்டிக்கொள்ளும். பி அடுக்கின் பக்கத்தில் `Bt` என்று சிறிய டி இருந்தால், களிமண் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். இந்தக் களிமண் சேர்க்கை நமக்குப் பின்னால் மிகவும் தேவைப்படும்.

ஒரு அடுக்கு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண், விரல், உருப்பெருக்கி என்ற வரிசையில் போங்கள். மண்வெட்டி பளபளப்பாகச் சீவிய முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கத்தி முனையால் சிறுசிறு துண்டுகளாகப் பெயர்த்து, மண் தானாக உடையும் பரப்பை வெளிக்கொண்டு வாருங்கள். பிறகு நிறம். ஈர மண்ணின் சிறு கட்டியை மன்செல் நிற அட்டைப் புத்தகத்தில் வைத்துப் பார்த்தால், மேல்மண் `10YR 4/3` பக்கத்திலும் அடிமண் `5YR 5/8` பக்கத்திலும் பொருந்தும். முன்னது பழுப்பு, பின்னது மஞ்சள் கலந்த சிவப்பு.

நிறத்தைவிட விரல் நம்பகமானது. ஒரு கைப்பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாபோலத் தள்ளுங்கள். மேல்மண்ணில் நாடா இரண்டு, மூன்று சென்டிமீட்டரில் அறுந்துவிடும். குவார்ட்ஸ் மணிகள் நறநறக்கும். அடிமண்ணில் அதே நறநறப்பு இருந்தாலும் நாடா ஐந்து சென்டிமீட்டருக்கு நீளும். எந்த ஆழத்தில் இந்த மாற்றம் வருகிறது என்று ஐந்து ஐந்து சென்டிமீட்டராகப் பிசைந்து குறித்துக்கொண்டே போனால் அடுக்கின் எல்லை கைக்குத் தானே தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரும்பு மிகுந்த மண்ணில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மணல்போல நடிக்கும். பிசையத் தொடங்கியதும் மாவுபோல இருக்கும் மண், முழுதாக ஒரு நிமிடம் பிசைந்த பிறகே பிசுபிசுக்கும். அவசரப்பட்டால் களிமண்ணைக் குறைத்து எழுதிவிடுவோம்.

கடைசியாக, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி. களிமண் இறங்கி வந்திருந்தால் கட்டிகளின் முகத்திலும் வேர்த் துளைகளின் உட்சுவரிலும் மெழுகு பூசியதுபோல மெல்லிய படலம் தெரியும். ஆனால் ஈர மண்ணில் கத்தி இழுத்த தடமும் இதேபோல்தான் மின்னும். பல ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு தடத்தைக் களிமண் படலம் என்று எழுதி, அறிக்கையைத் திருப்பி வாங்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கட்டியைக் கையால் இரண்டாக உடைத்து உள்முகத்தைத்தான் பார்க்கிறேன். படலம் என்றால் துளைக்குள்ளும் இருக்கும். கத்தித் தடம் வெளியில் மட்டும் இருக்கும்.

பன்னிரண்டு பெருவகைகளையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்க வேளாண்மைத் துறை 1975இல் வெளியிட்ட வகைப்பாட்டு முறையில் மிக உயர்ந்த மட்டத்தை ஆர்டர் என்கிறார்கள். நான் பெருவகை என்கிறேன். இன்று அவை பன்னிரண்டு. அவற்றுக்கு ஒரு நிலையான வரிசை உண்டு. நம் மண்ணை முதல் பெருவகையின் வாசலில் நிறுத்தி, "நீ இதுவா?" என்று கேட்கிறோம். இல்லை என்றால் அடுத்த வாசல். எந்த வாசல் முதலில் திறக்கிறதோ அதுதான் விடை. அதற்குப் பின்னால் இருப்பவற்றைப் பார்க்கவே கூடாது.

சிங்கப்பூரின் கிரானைட் மண்ணுக்கு முதல் சில வாசல்கள் விரைவாக மூடிவிடும். என்றும் உறைந்த நிலம் இங்கே இல்லை, ஆகவே ஜெலிசால் இல்லை. பெரும்பாலும் மக்கால் ஆன கரிமண் இல்லை, ஆகவே ஹிஸ்டசால் இல்லை. வெளுத்த மணலுக்குக் கீழே இரும்பும் மக்கும் சேர்ந்து படிந்த அடுக்கு இல்லை, ஸ்போடசாலும் போயிற்று. எரிமலைச் சாம்பல் இல்லை, ஆண்டிசாலும் போயிற்று. அடுத்து ஆக்ஸிசால். இங்கேதான் நிற்க வேண்டும். இதைத் தாண்டினால் வெர்டிசால், அரிடிசால், அல்டிசால், மாலிசால், ஆல்ஃபிசால், இன்செப்டிசால், கடைசியாக எதிலும் சேராதவற்றுக்கு என்டிசால்.

பாடப்புத்தகத்தில் வெப்பமண்டலச் சிவப்பு மண் ஆக்ஸிசால் என்று இருக்கிறது. அப்படியென்றால் புக்கிட் தீமா மண்ணும் ஆக்ஸிசால்தானே?

இந்தத் தவறு எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதை விட்டுவைக்க முடியாது, ஏனென்றால் நிறம் பெருவகையைத் தீர்மானிப்பதே இல்லை. சிவப்பு என்பது ஹேமடைட் என்ற இரும்புக் கனிமத்தின் நிறம். சிறிதளவு இருந்தாலே மண் முழுவதும் சிவந்துவிடும். ஆக்ஸிசாலிலும் அது இருக்கும், அல்டிசாலிலும் இருக்கும், ஆல்ஃபிசாலிலும் இருக்கும்.

ஆக்ஸிசாலுக்கும் அல்டிசாலுக்கும் ஒற்றுமைகள் நிறைய. இரண்டிலும் களிமண் பெரும்பாலும் கயோலினைட் வகை, சத்துகளைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு, புளிப்பு அதிகம். பிரிப்பது ஒன்றுதான்: மேலிருந்து கீழே போகும்போது களிமண் எப்படிக் கூடுகிறது? ஆக்ஸிசாலின் அடையாளமான ஆக்ஸிக் அடுக்கில் அது கூடுவதே தெரியாது. முழுக்க முழுக்க ஒரே சீராக, எல்லை எங்கே என்று காட்ட முடியாதபடி இருக்கும். நம் மண்ணில் அது குறுகிய தூரத்துக்குள் தாவிக் கூடுகிறது. அப்படித் தாவிக் கூடிய, சத்துப் பிடிப்புத் திறன் குறைந்த அடுக்குக்குக் கேண்டிக் என்று பெயர். திறன் அதிகமாக இருந்து, களிமண் படலமும் தெரிந்தால் அது ஆர்ஜிலிக்.

எவ்வளவு கூடினால் தாவல்? மேல்மண்ணில் களிமண் 20க்கும் 40 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் அது 1.2 மடங்காக வேண்டும். மேல்மண் அதற்கும் குறைவாக இருந்தால் 4 சதவீதப் புள்ளிகளும், 40க்கு மேல் இருந்தால் 8 புள்ளிகளும் கூட வேண்டும்.

ஒரு விதிவிலக்கைப் பலர் தவறவிடுகிறார்கள். கேண்டிக் அடுக்கு இருந்தும் ஒரு மண் ஆக்ஸிசால் ஆகலாம். அதற்குத் தரையிலிருந்து முதல் 18 சென்டிமீட்டர் மண்ணைக் கலந்து பார்த்தால் 40 சதவீதமோ அதற்கு மேலோ களிமண் இருக்க வேண்டும். கேண்டிக் அடுக்கு 100 சென்டிமீட்டருக்குள் தொடங்க வேண்டும். அதில் இனியும் சிதையக்கூடிய கனிமங்கள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே தாவலைக் கண்டதும் நிறுத்திவிடாமல், மேல் 18 சென்டிமீட்டரையும் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

எண்களை வைத்து ஒரு கணக்கை முழுதாகச் செய்து காட்டுவீர்களா?

கணக்குக்காக நானே எழுதிய ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். கிரானைட்மேல் உள்ள சரிவு மண். 0 முதல் 8 செ.மீ. வரை பழுப்பு ஏ அடுக்கு, களிமண் 26 சதவீதம். 8 முதல் 22 வரை ஏ அடுக்கும் பி அடுக்கும் கலந்த இடைப்பகுதி, 30 சதவீதம். 22இலிருந்து 150க்கும் கீழே வரை சிவந்த பி அடுக்கு, 40 சதவீதம்.

முதலில் மேல் 18 செ.மீ. எட்டு சென்டிமீட்டருக்கு 26, மீதிப் பத்துக்கு 30:

```
(8 × 26 + 10 × 30) ÷ 18 = 28.2
```

இது 40க்குக் குறைவு. விதிவிலக்கின் வழி அடைபட்டது. அடுத்து தாவல். 28.2இன் 1.2 மடங்கு 33.8. பி அடுக்கில் 40 இருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போல் மேலே உள்ள 30உடன் ஒப்பிட்டாலும் 1.33 மடங்கு. தாவல் உறுதி.

மூன்றாவது, சத்துப் பிடிப்புத் திறன், அதாவது நேர்மின் அயனி பரிமாற்றத் திறன். ஆய்வகம் கிலோ மண்ணுக்கு 4.8 சென்டிமோல் என்று தருகிறது. நமக்கு வேண்டியது மண்ணுக்கு அன்று, களிமண்ணுக்கு:

```
4.8 ÷ 0.40 = 12
```

எல்லை 16. அதற்குள் இருக்கிறது. இதோடு மண்ணின் இயல்பான புளிப்பிலேயே அளந்த திறனும் களிமண் கிலோவுக்கு 12ஐத் தாண்டக் கூடாது. நம் தாளில் 3.2 ÷ 0.40 = 8. ஆக, இது கேண்டிக் அடுக்கு. ஆக்ஸிசால் வாசல் மூடியது. விரிசல் விடாததால் வெர்டிசால் இல்லை, வறண்ட நாடு இல்லாததால் அரிடிசால் இல்லை. அல்டிசால் வாசலுக்கு வந்துவிட்டோம்.

இங்கே கேட்கப்படுவது கார நிறைவு: மண் பிடித்துவைத்திருக்கும் அயனிகளில் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் எத்தனை பங்கு? கேண்டிக் அடுக்கின் தலையிலிருந்து 125 செ.மீ. கீழே, அல்லது தரையிலிருந்து 180 செ.மீ. ஆழத்தில், இரண்டில் மேலே இருப்பதில் பார்க்க வேண்டும். நமக்கு 22 + 125 = 147 செ.மீ. ஒரு மீட்டர் குழியோடு நின்றவர்களுக்கு இந்த மாதிரி கிடைக்காது. குழியின் அடியிலிருந்து ஆகர் என்னும் துளைக்கருவியால் துளைத்து எடுங்கள். அங்கே காரங்கள் 0.5, புளிப்பு அயனிகள் 7.5 என்றால்:

```
0.5 ÷ (0.5 + 7.5) × 100 = 6.25
```

எல்லை 35 சதவீதம். வெகு கீழே இருக்கிறது. அல்டிசால். கடைசி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மண்ணியலாளர்கள் இந்தக் கிரானைட் மண்ணுக்கு வைத்திருக்கும் உள்ளூர்ப் பெயர் ரெங்கம் தொடர். ஜொகூரில் இருக்கும் ஊரின் பெயர் அது.

கணக்கு சரியாக இருந்தும் விடை தவறிப்போக வாய்ப்பு உண்டா?

உண்டு, மேலே சொன்ன அந்த ஒட்டிக்கொள்ளும் களிமண்ணால். ஆய்வகத்தில் மண்ணை நீரில் கரைத்து, துகள்களைப் பிரிக்கும் உப்பு சேர்த்துத்தான் களிமண்ணை அளக்கிறார்கள். இரும்பு கட்டிய துகள்கள் முழுதாகப் பிரியாவிட்டால் பி அடுக்கின் 40 சதவீதம் 28 என்று வரும். உடனே இரண்டு விடைகள் புரண்டுவிடும். 28.2க்குக் கீழே 28 வந்தால் தாவலே இல்லை. 4.8ஐ 0.28ஆல் வகுத்தால் 17.1, 16ஐத் தாண்டியாயிற்று. கேண்டிக்கும் இல்லை, ஆக்ஸிக்கும் இல்லை என்று ஆகி, மண் நேராக இன்செப்டிசால் வரை சரிந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. செடி வாடும் நிலையில் மண்ணில் எஞ்சும் நீரின் சதவீதத்தைக் களிமண் சதவீதத்தால் வகுங்கள். 0.6ஐத் தாண்டினால் களிமண் சரியாகப் பிரியவில்லை என்று சந்தேகப்படலாம். அதைவிட எளிய வழி உங்கள் விரலிலேயே இருக்கிறது: நாடா ஐந்து சென்டிமீட்டர் நீண்ட மண்ணுக்குத் தாளில் 28 என்று வந்தால், தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

ஊரில் எங்கள் தாத்தாவின் நிலமும் செம்மண்தான். அதுவும் அல்டிசாலா?

தமிழ்நாட்டுச் செம்மண் நிலங்களில் களிமண் தாவிய பி அடுக்கு இருக்கும் இடங்கள் பெரும்பாலும் ஆல்ஃபிசால். நிறமும் அடுக்குகளும் ஒன்றுபோல இருந்தும், மழை குறைவாக இருப்பதால் கால்சியம் அடித்துச் செல்லப்படவில்லை. கார நிறைவு 35ஐத் தாண்டி நிற்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலோ கோடையில் ஆழமாகப் பிளந்து மழையில் மூடிக்கொள்ளும் வெர்டிசால். அதற்குக் கார நிறைவுக் கேள்வியே வராது, அல்டிசாலுக்கு முன்பே அதன் வாசல் திறந்துவிடுகிறது.

ஊரிலிருந்து ஆய்வறிக்கை வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். கார நிறைவை இரண்டு விதமாகக் கணக்கிடுவார்கள். பி.எச். 7இல் அளந்த திறனால் வகுப்பது ஒன்று, பி.எச். 8.2இல் அளந்த புளிப்பையும் கூட்டி வகுப்பது மற்றொன்று. 35 சதவீத எல்லை இரண்டாவதற்கு உரியது. காரம் 4, முதல் முறைத் திறன் 10 என்றால் 40 சதவீதம். அதே மண்ணில் இரண்டாம் முறைக் கூட்டுத்தொகை 13 என்றால் 31 சதவீதம். முறையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் அல்டிசாலை ஆல்ஃபிசால் என்று எழுதிவிடுவோம்.

எங்கள் புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் அரை மீட்டர் தோண்டினேன். ஏ, பி எதுவும் தெரியவில்லையே?

நீங்கள் தோண்டியது கொட்டி நிரப்பிய மண்ணாக இருக்கும். செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி, பல நிற மண் கட்டிகள் திட்டுத்திட்டாகக் கலந்திருப்பது, கோடு கிழித்ததுபோல் ஒரேயடியாக நிறம் மாறுவது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். உண்மையான அடுக்குகளின் எல்லை சில சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒன்றோடொன்று கலந்து மாறும். 1966இல் தொடங்கி கடலைத் தூர்த்து உருவாக்கிய ஈஸ்ட் கோஸ்ட் நிலமும் இப்படித்தான். அடுக்குகள் உருவாகக் காலம் போதாததால், இத்தகைய மண் எல்லா வாசல்களையும் தாண்டிக் கடைசியில் என்டிசாலில் போய் நிற்கிறது. சிவப்பு மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டியிருந்தாலும் அது அல்டிசால் ஆகாது. களிமண் அந்த இடத்தில் இறங்கிச் சேரவில்லை.

அப்படியென்றால் உண்மையான வெட்டுமுகத்தை எங்கே பார்ப்பது?

இயற்கை வனப்பகுதிகளில் தோண்ட அனுமதி இல்லை. சிறு கட்டியைக்கூட எடுத்துவராதீர்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் புக்கிட் தீமா நடைபாதையில் ஏறுங்கள். பாதைக்காக வெட்டிய ஓரங்களில் மண் ஈரமாக, நிறம் தெளிவாக இருக்கும். மேலே வேர்கள் பின்னிய பழுப்புப் பட்டை. அதற்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் சிவப்பு தொடங்கும். மழை கழுவிய மேல் பட்டையில் குவார்ட்ஸ் மணிகள் துருத்திக்கொண்டு நிற்கும். கீழே உள்ள சிவப்பு முகத்தில் களிமண் அவற்றைப் பிடித்து வைத்திருப்பதால் அவ்வளவாகத் துருத்தாது. தாவல் அந்த இடத்தில்தான் இருக்கிறது.